ஆலய வாசலில் நீளும் கை

(உலக வறியோர் நாளையொட்டி வானொலியில் வழங்கப்பட்ட மறைசிந்தனை)



கிறிஸ்து அரசர் பெருவிழாவுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமையைத் திரு அவை உலக வறியோர் நாளாகக் கடைப்பிடிக்கிறது. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் அவர்கள் ஏற்படுத்திய இந்த நாள், 2017ஆம் ஆண்டு முதன்முறையாகக் கொண்டாடப்பட்டது. இந்த நாளில் நாம் தொலைதூர ஏழைகளைப் பற்றிப் பேச வேண்டாம். திருப்பலி முடிந்து வெளியே வரும்போது நம் ஆலய வாசலிலேயே நீளுகிறதே ஒரு கை, அதைப் பற்றிச் சிந்திப்போம்.

அந்தக் கையைப் பார்த்ததும் நம் மனத்தில் இரண்டு குரல்கள் எழுகின்றன. "பாவம், ஏதாவது கொடு" என்கிறது ஒரு குரல். "கொடுத்துக் கொடுத்துத்தான் இவர்களைக் கெடுத்துவிட்டோம், பாத்திரம் அறிந்து பிச்சையிடு" என்கிறது மற்றொரு குரல். இரண்டு குரல்களுக்கும் நடுவே நாம் சட்டைப் பையில் சில்லறையைத் தேடுகிறோம், அல்லது கைப்பேசியைப் பார்த்தபடி கடந்துபோகிறோம். இந்த இரண்டில் எது கிறிஸ்தவனின் குரல்? இன்றைய நம் கேள்வி இதுதான்.

திருத்தூதர் பணிகள் நூலின் 3ஆம் அதிகாரத்துக்குச் செல்வோம். பிற்பகல் மூன்று மணி, இறைவேண்டல் நேரம். பேதுருவும் யோவானும் எருசலேம் கோவிலுக்குப் போகிறார்கள். அழகுவாயில் என்னும் வாசலருகே, பிறவியிலேயே கால் ஊனமுற்ற ஒருவர் அமர்ந்திருக்கிறார். அவருக்கு நாற்பது வயதுக்கு மேல் ஆகிறது. யாரோ அவரை நாள்தோறும் சுமந்துவந்து அந்த இடத்தில் வைக்கிறார்கள். கோவிலுக்கு வருகிறவர்களிடம் அவர் பிச்சை கேட்கிறார். பேதுரு தம்மிடம் வெள்ளியும் பொன்னும் இல்லை என்று சொல்லி, நாசரேத்து இயேசுவின் பெயரால் நடக்கும்படி கூறி, அவரது வலக்கையைப் பிடித்துத் தூக்கிவிடுகிறார். அவர் எழுந்து நடந்து, அவர்களோடு கோவிலுக்குள் போகிறார்.

இந்த நிகழ்ச்சியைக் கேட்கும்போது நாம் நேரே புதுமைக்குத் தாவிவிடுகிறோம். கொஞ்சம் நிதானித்து, அந்த வாசலில் பேதுரு வருவதற்கு முன் நடந்ததையும் எண்ணிப் பார்ப்போம். அந்த மனிதர் அத்தனை ஆண்டுகள் எப்படி உயிரோடு இருந்தார்? வந்துபோனவர்கள் போட்ட காசால்தான். அந்தக் காசு இல்லையென்றால், பேதுரு வந்த நாளில் தூக்கிவிட அங்கே ஆள் இருந்திருக்க மாட்டார். ஆகவே பிச்சையிட்ட கைகளை நாம் குறை சொல்ல முடியாது. பேதுருவும் குறை சொல்லவில்லை.

அதே வேளையில் இன்னொன்றையும் மறைக்க முடியாது. அத்தனை பேர் போட்ட அத்தனை காசும் அவரை வாசலைத் தாண்டி ஓர் அடிகூட உள்ளே கொண்டுபோகவில்லை. காசு அவரைச் சாகாமல் காத்தது. ஆனால் உட்கார்ந்த இடத்திலேயே உட்கார வைத்தது. அவரை எழுப்பியது ஒரு கை. அந்தக் கை நீளுவதற்கு முன், பேதுருவும் யோவானும் அவரை உற்றுப் பார்த்தார்கள் என்கிறார் லூக்கா. தங்களைப் பார்க்கும்படி அவரையும் கேட்டார்கள். காசைப் பார்த்துப் பழகிய கண்கள் அன்றுதான் ஒரு முகத்தைப் பார்த்தன.

அன்பார்ந்தவர்களே, இன்று நாம் எடுத்துச்செல்ல வேண்டியது இதுதான்: காசு தவறு அன்று, ஆனால் காசு போதாது. காசு ஒரு நாளைக் கடக்க உதவும். எழுந்து நிற்க ஒரு கை வேண்டும். காசைத் தனியாளாக நாம் கொடுத்துவிடலாம். கையை நீட்டுவதற்கு, பெரும்பாலும் ஒரு பங்கே சேர்ந்து நிற்க வேண்டியிருக்கிறது.

முதலில் காசைப் பற்றிய தயக்கத்தைப் பார்ப்போம். "ஏமாற்றுகிறார்கள், நடிக்கிறார்கள்" என்கிற பேச்சு புதியதன்று. 4ஆம் நூற்றாண்டில் அந்தியோக்கியா நகரில் மறையுரையாற்றிய புனித யோவான் கிறிசோஸ்தோம் காலத்திலும் இதே பேச்சு இருந்தது. வாசலில் கிடந்த இலாசரைப் பற்றிப் பேசும்போது, ஏழையின் வறுமையே அவர் நம்மிடம் காட்டும் சான்று, வேறு விசாரணை வேண்டாம் என்ற கருத்தை அவர் வலியுறுத்தினார். கொரிந்தியருக்கு எழுதப்பட்ட முதல் திருமுகத்தை விளக்கும்போது இன்னும் ஒருபடி மேலே போனார். தெருவில் சிலர் பழைய செருப்புத் தோலை மெல்லுகிறார்கள், சிலர் தலையில் ஆணி அடித்துக்கொள்கிறார்கள், சிலர் பிள்ளைகளின் கண்களையே கெடுத்துவிடுகிறார்கள். வேடிக்கை காட்டினால்தான் காசு விழுகிறது என்று எடுத்துச் சொன்னார். சாதாரணமாகக் கேட்டபோது கொடுக்காத நம் கல்மனம்தான் அவர்களை இந்த வேடத்துக்குத் தள்ளியது என்று கேட்டவர்களையே குற்றம் சாட்டினார். நடிப்பைக் கண்டால் நாம் நடிகரைத் திட்டுகிறோம்; அந்தப் புனிதர் பார்வையாளர்களைத் திட்டினார்.

"உழைக்க மனமில்லாதவர் உண்ணக்கூடாது என்று பவுலடியார் சொல்லவில்லையா?" என்று கேட்பவர்கள் உண்டு. தெசலோனிக்க சபைக்கு அந்தப் பொருளில் அவர் எழுதியது உண்மைதான். ஆனால் யாரைப் பற்றி எழுதினார்? உழைக்க உடலில் வலுவிருந்தும் மனமின்றிச் சபைக்குள்ளேயே வீணாகத் திரிந்தவர்களைப் பற்றி. உழைக்க முடியாதவரை, உழைத்து ஓய்ந்துபோனவரை, வேலை கேட்டும் எவரும் தராதவரை அந்த வார்த்தை தொடவில்லை. நம் வாசலில் இருப்பவர் இவர்களில் யார் என்று தெரிந்துகொள்ளாமலே அந்த வசனத்தை அவர்மேல் வீசுவது பவுலடியாருக்கே அநீதி.

ஆனாலும் நம் மூதாதையர் கண்ணை மூடிக்கொண்டு கொடுக்கச் சொல்லவில்லை. திரு அவையின் மிகப் பழைய நூல்களுள் ஒன்றான திதாக்கே, கேட்பவர் எவருக்கும் கொடு என்று சொல்லிவிட்டு, அடுத்த மூச்சிலேயே, யாருக்குக் கொடுக்கிறாய் என்று அறியும்வரை காசு உன் கையிலேயே வியர்க்கட்டும் என்ற பொருளில் ஒரு முதுமொழியையும் நினைவூட்டுகிறது. இரண்டும் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. தாராளமும் கவனமும் பகைவர்கள் அல்ல என்பதை ஆதித் திரு அவை அறிந்திருந்தது.

திருத்தந்தை பிரான்சிஸ் 2017ஆம் ஆண்டு தவக்காலத் தொடக்கத்தில், மிலான் நகரில் வீடற்றவர்கள் விற்கும் ஒரு பத்திரிகைக்குப் பேட்டி அளித்தார். கொடுக்கிற காசில் அவர் குடித்துவிட்டால் என்ன செய்வது என்ற கேள்வி வந்தது. ஒரு கோப்பைத் திராட்சை மது மட்டும்தான் அவருக்கு வாழ்க்கையில் மிஞ்சிய மகிழ்ச்சி என்றால் அப்படியே இருக்கட்டும் என்றார் அவர். நாம் யாருக்கும் தெரியாமல் எதில் நம் மகிழ்ச்சியைத் தேடுகிறோம் என்று திருப்பிக் கேட்டார். அதோடு நிற்கவில்லை. கொடுக்கும்போது கண்ணைப் பார்க்க வேண்டும், கையைத் தொட வேண்டும் என்றார். தொடாமல் காசை எறிந்துவிட்டுப் போவதில் அவருக்கு உடன்பாடில்லை.

ஆகவே, வாசலில் இருப்பவரைப் பார்க்கத் தொடங்குவோம். பார்க்கத் தொடங்கினால், பிச்சைக்காரர் என்று ஒரே பெயரில் நாம் அழைக்கிறவர்கள் ஒரே வகையினர் அல்லர் என்பது தெரியும். மூன்று பேரை மட்டும் இன்று எடுத்துக்கொள்வோம்.

முதலாவது, குழந்தை. சிக்னலிலோ திருவிழாக் கூட்டத்திலோ கைநீட்டும் பிள்ளைக்கு மட்டும் காசு கொடுக்க வேண்டாம். இது இரக்கமின்மை அன்று. பிள்ளையின் கையில் விழும் காசு பிள்ளையிடம் தங்குவது அரிது. அதிகம் சம்பாதிக்கும் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்ப யாருக்கும் மனம் வராது. பசித்தால் அங்கேயே உண்ண ஏதாவது வாங்கிக் கொடுப்போம். பிறகு 1098 என்ற எண்ணை அழைப்போம். "புகார் செய்தால் பிள்ளையைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போய்விடுமே" என்று பலர் அஞ்சுகிறார்கள். 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் பிச்சையெடுக்கும் பிள்ளையைக் குற்றவாளியாகப் பார்க்கவில்லை. பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் பிள்ளையாகவே பார்க்கிறது. பிள்ளையை 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுமுன் கொண்டுவர வேண்டும். வீடில்லாத ஏழைத் தாயின் பிள்ளை என்றால், விசாரித்துத் தாயிடமே ஒப்படைக்கவும் அந்தக் குழுவால் முடியும். பிள்ளையைப் பிச்சைக்குப் பயன்படுத்துகிறவருக்குத்தான் ஐந்து ஆண்டு வரை சிறைத் தண்டனை.

இரண்டாவது, மனநலம் குன்றித் திரிபவர். சிக்குப் பிடித்த தலை, மூட்டை மூட்டையாகக் கந்தல், தமக்குத் தாமே பேச்சு. இவர் பல வேளைகளில் கேட்பதுகூட இல்லை; காசு கொடுத்தாலும் அதை வைத்து என்ன செய்வதென்று அவருக்குத் தெரியாது. இங்கே தேவை மருத்துவம். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 100ஆம் பிரிவு, இப்படித் திரிபவரைப் பாதுகாப்பில் எடுத்து, 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவ நிலையத்தில் சேர்க்கும் கடமையைக் காவல் துறைக்குத் தருகிறது. அவரைச் சிறையில் வைக்கக் கூடாது. வீடற்றவர் என்றால் காணாமல் போனவர் என்று பதிவுசெய்து, குடும்பத்தைத் தேட வேண்டும். சென்னையில் 1993இல் தொடங்கப்பட்ட பேன்யன் அமைப்பு, தெருவில் திரிந்த பெண்கள் சிகிச்சைக்குப் பின் சொந்த ஊர் பெயரைச் சொல்லி வீடு திரும்புவதைப் பல ஆண்டுகளாகக் காட்டிவருகிறது. யாரோ ஒருவர் காவல் நிலையத்துக்குப் போய், சட்டத்தின் இந்தப் பிரிவைப் பணிவோடு எடுத்துச் சொல்ல வேண்டும். அந்த யாரோ ஒருவர் நம் பங்கிலிருந்து போகலாம் அல்லவா?

மூன்றாவது, நம் வாசலில் அதிகமாகக் காண்கிறவர், ஆதரவற்ற முதியவர். இவரைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

எழுபது வயதுப் பெரியவர் ஒருவர் ஞாயிறு காலை ஆலய வாசலிலும், செவ்வாய் மாலை அந்தோனியார் கெபியிலும் அமர்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளில் நாற்பது பேர் ஐந்து ரூபாய் வீதம் கொடுத்தால் 200 ரூபாய். பெரிய தொகைதான். ஆனால் மழை பெய்தால் இல்லை. காய்ச்சலில் படுத்தால் இல்லை. எந்த நாளில் அவருக்கு அதிகம் தேவையோ அந்த நாளில்தான் அந்த வருமானம் நின்றுபோகிறது. தனியாள் தருமத்தின் குறை அது அற்பம் என்பதில் இல்லை. அது நிச்சயமில்லாதது என்பதில் இருக்கிறது.

நிச்சயமானது ஒன்று இருக்கிறது. தமிழ்நாட்டில் அறுபது வயது நிறைந்த ஆதரவற்றோருக்கு அரசு தரும் முதியோர் உதவித்தொகை, 2023ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் மாதம் 1,200 ரூபாய். இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்க வேண்டும். கிராம நிர்வாக அலுவலர் நேரில் விசாரிப்பார். வட்டாட்சியர் அலுவலகத்தில் சமூகப் பாதுகாப்புத் திட்டத்துக்கென உள்ள தனி வட்டாட்சியர் ஆணை வழங்குவார். படிப்பதற்கு எளிது. நம் பெரியவருக்கு இது ஏன் கிடைக்கவில்லை?

அவரிடம் போய் அமர்ந்து கேட்டால் தெரியும். ஆதார் அட்டை பையோடு தொலைந்துபோயிருக்கும், எண்ணும் நினைவில்லை. இத்தனை ஆண்டு கூலிவேலையில் விரல்ரேகை தேய்ந்து, கருவி அவரை ஏற்க மறுத்திருக்கும். வங்கிக் கணக்கு இருக்காது. எல்லாவற்றையும் தாண்டினாலும், விசாரணைக்கு வரும் அலுவலர் "இவர் எங்கே குடியிருக்கிறார்?" என்று கேட்கும்போது, "இங்கேதான், எங்களுக்குத் தெரியும்" என்று சொல்ல ஓர் ஆள் இருக்காது. அவர் விழுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். பணம் இல்லாததைவிட, தன்னைத் தெரியும் என்று சொல்ல ஆள் இல்லாததுதான் அவருடைய ஏழ்மை.

இங்கேதான் பேதுருவின் வலக்கை வேண்டியிருக்கிறது. ஆதாருக்கு, முகவரிச் சான்று இல்லாதவர்களுக்கென அங்கீகரிக்கப்பட்ட அலுவலரோ மக்கள் பிரதிநிதியோ உரிய படிவத்தில் தரும் சான்றிதழ் வழியாக வாய்ப்பு இருக்கிறது. நம் வார்டு கவுன்சிலர் வீட்டுக்கு அவரை அழைத்துச் செல்ல ஒருவர் வேண்டும். தேய்ந்த ரேகைக்கும் விதிவிலக்குப் பதிவு உண்டு. அப்படி ஒன்று இருக்கிறது என்று கருவி இயக்குபவரிடம் பொறுமையாகக் கேட்க ஒருவர் வேண்டும். தொகை எதுவும் கட்டாமலே ஜன் தன் கணக்குத் தொடங்கலாம்; வரிசையில் அவரோடு நிற்க ஒருவர் வேண்டும். விண்ணப்பம் திரும்பி வந்தால், என்ன காரணத்துக்காகத் திரும்பியது என்று படித்துச் சொல்லி, மறுபடியும் போக ஒருவர் வேண்டும். நான்கைந்து முறை நடக்க வேண்டியிருக்கும். அந்த நடை அவரால் முடியாதது, நமக்கு முடிந்தது.

பிள்ளைகள் இருந்தும் கைவிட்டிருந்தால், 2007ஆம் ஆண்டின் பெற்றோர் பராமரிப்புச் சட்டத்தின்படி அவர் தீர்ப்பாயத்தில் முறையிடலாம்; அவரால் இயலாதபோது, அவர் சம்மதித்து அதிகாரம் தந்தால், அவருக்காக வேறொருவரும் மனுச் செய்யலாம். முதியோருக்கான உதவி எண் 14567. ஆனால் பல பெற்றோர் சம்மதிக்க மாட்டார்கள். "என் மகன் பெயரைக் கோர்ட்டில் சொல்ல வேண்டாம் சாமி" என்பார்கள். அந்த மனத்தையும் மதிப்போம். உதவி என்ற பெயரில் ஒருவரின் வாயை நாம் பறிக்கக் கூடாது.

இதையெல்லாம் யார் செய்வது? எருசலேம் சபையிலும் இதே சிக்கல் வந்தது. அன்றாடப் பந்தியில் சில கைம்பெண்கள் விடுபட்டுப்போனார்கள். திருத்தூதர்கள் "அவரவர் மனம்போல் கொடுங்கள்" என்று விட்டுவிடவில்லை. ஏழு பேரைத் தேர்ந்தெடுத்துப் பொறுப்பை ஒப்படைத்தார்கள். 1833இல் பாரிசில் பிரெடரிக் ஓசானாம் என்ற இருபது வயது மாணவரும் அவருடைய நண்பர்களும் செய்ததும் இதுவே. ஏழைகள் தங்களைத் தேடி வரட்டும் என்று காத்திருக்காமல், ரொட்டிக்கும் விறகுக்குமான சீட்டுகளோடு ஏழைகளின் வீட்டுப் படியேறினார்கள். கையில் கொண்டுபோனது ஒரு சீட்டு. உண்மையில் கொடுத்தது சந்திப்பு. அப்படிப் பிறந்த வின்சென்ட் தே பவுல் சபை இன்று நம் பங்குகளிலும் இருக்கிறது. அதன் உறுப்பினர்கள் நான்கு பேர் தலையில் எல்லாவற்றையும் கட்டிவிட்டு நாம் ஒதுங்கிவிடக் கூடாது.

ஓர் அன்பியம் ஒரே ஒரு பெரியவரை ஏற்றுக்கொண்டால் போதும். முதல் வாரம் பெயரையும் ஊரையும் கேட்டு அறியட்டும். அடுத்து அவருடைய தாள்களைப் பார்க்கட்டும். ஓர் இளைஞர் இ-சேவை மையத்துக்கு அழைத்துப் போகட்டும். அந்தோனியார் ஏழைகள் உண்டியலிலிருந்து, உதவித்தொகை வரும்வரை மாதம் ஒரு தொகையைப் பங்குப்பேரவை ஒதுக்கட்டும். திருவிழா அசனத்தில் ஒருநாள் வயிறார உணவிடும் நம் வழக்கம் மிக நல்லது. மறுநாளும் அவருக்குப் பசிக்கும் என்பதை நினைத்துச் செய்யும் ஏற்பாடு இது.

இதிலும் தோல்விகள் உண்டு என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம். உதவித்தொகை வந்த பிறகும் அவர் அடுத்த ஞாயிறு அதே வாசலில் வந்து உட்காரலாம். 1,200 ரூபாயில் ஒரு மாதம் ஓடாது என்பது ஒரு காரணம். அவருக்குத் தெரிந்த முகங்கள் எல்லாம் அந்த வாசலில்தான் இருக்கின்றன என்பது இன்னொரு காரணம். இல்லத்தில் சேர்த்தவர் ஒரு வாரத்தில் வெளியேறிவிடலாம். குடிப்பவர் குடியை விடாமலும் இருக்கலாம். இவற்றைக் கண்டு, "இவர்களைத் திருத்த முடியாது" என்று கையை இழுத்துக்கொண்டால், நாம் நீட்டியது அவருக்கான கை அன்று. நம் வெற்றிக்கான கை. அவர் மறுபடியும் வாசலில் இருந்தால், மறுபடியும் பெயர் சொல்லி வணங்குவோம். கையில் இருப்பதைக் கொடுப்போம்.

ஆண்டவர் சொன்ன உவமையில் ஒரு நுட்பம் இருக்கிறது. செல்வருக்குப் பெயரில்லை, வாசலில் கிடந்தவருக்குப் பெயர் இருக்கிறது. அந்தச் செல்வர் இலாசரை அடித்துத் துரத்தியதாக உவமை சொல்லவில்லை. இறந்த பிறகு இலாசரின் பெயரைச் சொல்லி, தம் நாவை நனைக்க அவரை அனுப்பும்படி கேட்கிறார். ஆக, பெயர் அவருக்குத் தெரிந்தேயிருந்தது. தெரிந்தும் வாசலைத் தாண்டிப் போனதுதான் அவர் செய்தது.

அடுத்த ஞாயிறு காசு கொடுக்கிறவர்கள் தொடர்ந்து கொடுங்கள். குனிந்து, கையில் வைத்து, முகம் பார்த்துக் கொடுங்கள். கொடுக்க இயலாதவர்கள் ஒரு வணக்கம் சொல்லுங்கள். இருவரும், "ஐயா, உங்கள் பெயர் என்ன?" என்று கேளுங்கள். கேட்ட பெயரை அன்பியக் கூட்டத்தில் சொல்லுங்கள்.

செபிப்போம். வாசலில் அமர்ந்திருப்போரின் ஆண்டவரே, எங்கள் கண்கள் அவர்களின் முகத்தைக் காணவும், எங்கள் கைகள் அவர்களைத் தூக்கிவிடவும், எங்கள் பங்கு அவர்களைத் தெரியும் என்று துணிந்து சொல்லவும் அருள்தாரும். எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக உம்மை மன்றாடுகிறோம். ஆமென்.